பெட்டிக்காரருக்கு நான்கு வரி

நேயர்களுக்கு வணக்கம். திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்களில் கொள்முதல் பிரிவில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கேட்காமலேயே விலைப்பட்டியலோடு வருகிற வியாபாரியிடம், "பார்க்கலாம், சொல்லி அனுப்புகிறோம்" என்பார்கள். மறுத்துவிட்டதாக அவர்கள் நினைப்பு. கேட்டவரோ அதைப் பாதிச் சம்மதமாக எடுத்துக்கொண்டு வாரம் தவறாமல் போன் செய்வார். ஒரு கட்டத்தில் இவர்கள் போனை எடுப்பதையே நிறுத்திவிடுவார்கள். மனம் நோகக் கூடாது என்று சொன்ன சொல் அவமானத்தில் போய் முடிகிறது.

அட்டைப்பெட்டியையே எடுத்துக்கொள்வோம். ஐந்து அடுக்குப் பெட்டி செய்கிற ஒருவர், "உங்களுக்கு நல்ல விலைக்குத் தருகிறோம், நேரில் வரலாமா?" என்று மெயில் அனுப்புகிறார். நம்மிடம் ஏற்கெனவே ஆள் இருக்கிறார். அன்றோ மறுநாளோ இப்படி எழுதிவிடலாம்:

"வணக்கம் சார். விலைப்பட்டியல் கிடைத்தது. பெட்டிக்கு மார்ச் வரை ஒருவரோடு பேசி முடித்திருக்கிறோம், அதுவரை புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை. அடுத்த ஆண்டுக்கான விலையைப் பிப்ரவரி முதல் வாரத்தில் கேட்போம், அப்போது இதே முகவரிக்கு ஒரு மெயில் அனுப்புங்கள். அதற்கு முன்பு நேரில் வரவோ மாதிரி அனுப்பவோ வேண்டாம்."

அவ்வளவுதான். இதில் "உங்கள் விலை அதிகம்" என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள். விலையைக் காரணம் காட்டினால் அது மறுப்பாகாது, பேரத்துக்கு அழைப்பாகிவிடும். நாளைக்கே இரண்டு ரூபாய் குறைத்துக்கொண்டு வந்து நிற்பார். அப்போதும் வேண்டாம் என்றால், நம்மைப் பொய்யர் என்று அவர் நினைப்பதில் தவறில்லை. தரத்தைக் குறை சொல்வதும் கூடாது; அவருடைய பெட்டியை நாம் பார்த்ததே இல்லை. நம் பக்கத்து நிலைமை ஒன்றே காரணமாக இருக்கட்டும், அதுவும் உண்மையானதாக இருக்கட்டும். இப்போது யாரிடம் வாங்குகிறோம், என்ன விலைக்கு வாங்குகிறோம் என்பதை மட்டும் வாய்விட வேண்டாம்.

மாதிரி வேண்டாம் என்பதையும் வெளிப்படையாகவே எழுத வேண்டும். மாதிரிப் பெட்டி வந்து இறங்கிவிட்டால், "சோதித்துப் பார்த்தீர்களா?" என்று கேட்கும் உரிமையும் அதோடு வந்துவிடுகிறது.

பிப்ரவரி என்று எழுதுவது, பிப்ரவரியில் உண்மையிலேயே விலை கேட்பவர்களுக்குத்தான். இல்லாத மாதத்தைச் சொல்வது "பார்க்கலாம்" என்பதைவிட மோசம். ஆடையில் தைக்கிற பிராண்டு லேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். அதை யாரிடம் வாங்குவது என்று பல வெளிநாட்டு நிறுவனங்கள் தாங்களே குறித்துக் கொடுத்துவிடுகின்றன. அப்படிப்பட்ட இடத்தில் லேபிள் வியாபாரிக்குத் தேதி கொடுப்பது வீண். "இந்த முடிவு எங்கள் கையில் இல்லை, எங்களிடம் சரக்கு வாங்குகிற நிறுவனத்தின் அலுவலகத்தில் முயன்று பாருங்கள்" என்று சொல்லிவிட்டால் அவருக்கும் போக்குவரத்து மிச்சம்.

எழுதிய கையோடு ஒரு வரி குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: பெயர், எத்தனை அடுக்குப் பெட்டி, ஆலை எந்த ஊரில், எப்போது பேசினோம். 2020 கடைசியிலும் 2021 தொடக்கத்திலும் பழைய காகித வரத்து குறைந்து, பெட்டிக்கான கிராஃப்ட் காகிதம் விலை ஏறியது. அந்த மாதிரி நேரத்தில் வழக்கமான பெட்டிக்காரர் கையை விரித்தால், கப்பல் தேதியை வைத்துக்கொண்டு யாரைக் கூப்பிடுவது? நாம் பதிலே போடாமல் விட்டவரையா, ஒழுங்காகப் பதில் சொல்லி அனுப்பியவரையா?

சிலர் மறுப்புக்கும் பதில் எழுதுவார்கள்: "ஐந்து சதவீதம் குறைக்கிறோம் சார்." இதற்குப் புதுக் காரணம் தேட வேண்டாம். "நன்றி சார், பிப்ரவரியில் பேசுவோம்" என்று பழையதையே ஒரு வரியில் சொன்னால் போதும். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் மௌனம் குற்றமில்லை. பெயர்கூடக் குறிப்பிடாமல் ஆயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் போகிற விளம்பரத்துக்கு முதலிலிருந்தே பதில் தேவையில்லை. பதில் போட்டால், இந்த எண்ணில் ஆள் இருக்கிறது என்று நாமே காட்டிக்கொடுத்ததாகிவிடும். விளம்பர அழைப்புகளுக்கு 1909 என்ற எண்ணில் தடை பதிவு செய்யலாம்.

சொல்லாமல் கொள்ளாமல் வாசலுக்கே வந்துவிடுகிறவர் வேறு ரகம். "சார் ஊரில் இல்லை" என்று காவலாளியை விட்டுச் சொல்லச் சொல்வார்கள். சாரின் காரோ அவர் கண்ணெதிரிலேயே நிற்கும். இரண்டு நிமிடம் வெளியே வந்து, உட்காரச் சொல்லாமல் நின்றபடியே, மெயிலில் எழுதுகிற அதே நான்கு வரியைச் சொல்லி, விசிட்டிங் கார்டை வாங்கிக்கொண்டு அனுப்பலாம். விலைப்பட்டியலைத் திறந்து பார்க்க வேண்டாம். பார்த்துவிட்டால் பேச்சு விலைக்குப் போய்விடும். வெயிலில் வந்தவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பதால் ஆர்டர் கொடுத்ததாகிவிடாது. வணக்கம்.