25% வினிகரை ஊறுகாய்க்கான 5% வினிகராக்குவது எப்படி?

[திரையில்: கண்ணாடிப் புட்டி. முகப்பில் 25% என்ற எண்]

ஜெர்மனியின் மளிகைக் கடைகளில் சாதாரண வினிகருக்குப் பக்கத்திலேயே இந்தப் புட்டியும் இருக்கும். பெயர் எசிக் எசென்ஸ். இதில் 25% அசிட்டிக் அமிலம் இருக்கிறது. வெள்ளரியையும் வெங்காயத்தையும் ஜாடியில் அடைத்து வைக்கும் செய்முறைகள் பெரும்பாலும் 5% வினிகரைக் கணக்கில் கொண்டு எழுதப்பட்டவை. ஆகவே தண்ணீர் சேர்த்தாக வேண்டும். எவ்வளவு?

[திரையில்: 25 ÷ 5 = 5]

இருக்கும் வலிமையை வேண்டிய வலிமையால் வகுங்கள். விடை 5. அதாவது, கலந்து முடித்த பின் மொத்த அளவு எசென்ஸைப் போல ஐந்து மடங்கு இருக்க வேண்டும். ஒரு லிட்டர் வேண்டுமென்றால் 1000 மில்லியை 5ஆல் வகுத்து 200 மில்லி எசென்ஸ், மீதி 800 மில்லி தண்ணீர். ஒரு பங்குக்கு நான்கு பங்கு.

பலர் சறுக்கும் இடம் இதுதான். விடை ஐந்து என்றதும் ஐந்து பங்கு தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள். அப்போது மொத்தம் ஆறு பங்காகிறது. 25ஐ 6ஆல் வகுத்தால் 4.2% கூட வராது. சின்ன வித்தியாசம்தானே என்று விட்டுவிடாதீர்கள். காய்களும் தம் நீரை விட்டு வினிகரை மேலும் நீர்க்கச் செய்யும். ஜாடிக்குள் அமிலத்தன்மை குறைந்து பிஎச் 4.6க்கு மேல் ஏறினால், காற்றில்லாத அந்த இடத்தில் பாட்டுலினம் கிருமி வளர்ந்து நஞ்சை உண்டாக்கலாம். மணமோ நிறமோ அதைக் காட்டிக்கொடுக்காது.

[திரையில்: அளவுக் குவளையில் முதலில் தண்ணீர், பிறகு எசென்ஸ்]

ஜன்னலைத் திறந்து வையுங்கள். கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள். 25% அமிலம் கண்ணைப் பாழாக்கும். தண்ணீரை முதலில் அளந்து வைத்து, எசென்ஸை அதில் மெதுவாக ஊற்றுங்கள். இரண்டையும் மில்லி கோடுள்ள குவளையால்தான் அளக்க வேண்டும். கலந்ததும் புட்டியில் "5%" என்று எழுதி ஒட்டுங்கள். துப்புரவுக்கென்று விற்கும் வினிகரை இதற்கு எடுக்கவே கூடாது.

கலவை சரிதானா என்று பிஎச் தாளை நனைத்துப் பார்ப்பதில் பயனில்லை. 4% வினிகருக்கும் 5% வினிகருக்கும் பிஎச் கிட்டத்தட்ட ஒன்றுதான். தாளின் நிறத்தில் வேறுபாடு தெரியாது. அளவை எழுதி வைத்து, கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: 200ஐ 25ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்தால் 5 வர வேண்டும்.

[திரையில்: செய்முறை அட்டை. வினிகர் 1 லிட்டர், தண்ணீர் 1 லிட்டர்]

இப்படிப்பட்ட செய்முறையில் வரும் தண்ணீர் வேறு, நாம் சேர்த்த 800 மில்லி வேறு. நாம் கலந்த ஒரு லிட்டர்தான் இங்கே "வினிகர்". அதனுடன் செய்முறை சொல்லும் ஒரு லிட்டர் தண்ணீரைச் சேருங்கள்; அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். புளிப்பு அதிகம் என்று தோன்றினால் சர்க்கரையைக் கூட்டுங்கள்.