வாட்ஸ்அப் ரிப்போர்ட்ல அழிஞ்ச சேட் கிடைக்குமா?

கேள்வி: "அண்ணா, வீட்டு ஓனர்கிட்ட அட்வான்ஸ் பத்திப் பேசின வாட்ஸ்அப் சேட் கைதவறி டெலிட் ஆயிடுச்சு. அக்கவுன்ட் ரிப்போர்ட் கேட்டா மூணு நாள் ஆகும்னு காட்டுது. அதுல அந்த சேட் வருமா? எதுக்கு மூணு நாள்?"

வராதும்மா. முதல்லயே சொல்லிடறேன், மூணு நாள் காத்திருந்துட்டு ஏமாறாதீங்க. நீங்க Settings, Account போய் Request account info-ன்னு கொடுத்திருப்பீங்க. அது உங்க அக்கவுன்ட்டைப் பத்தி அந்தக் கம்பெனிகிட்ட இருக்கற விவரம். உங்க பேச்சு அவங்ககிட்ட இல்ல. மெசேஜ் எதிராளி போனுக்குப் போய்ச் சேர்ந்ததும் சர்வர்ல இருந்து அழிஞ்சிடும். அவர் போன் ஆஃப்ல இருந்தா 30 நாள் வரைக்கும் பூட்டின நிலையிலயே காத்திருக்கும், அவ்வளவுதான். அந்தப் பூட்டுக்குச் சாவியும் அவங்ககிட்ட கிடையாது.

அப்ப என்னதான் வரும்? நான் என்னோடதை எடுத்துப் பார்த்தேன். ஒரு ஜிப் கோப்பு வரும். அதை வாட்ஸ்அப்புக்குள்ளயே திறக்க முடியாது, வெளியே எடுத்து வேற ஆப்லதான் திறக்கணும். உள்ள ஒரு ஹெச்டிஎம்எல், ஒரு ஜேசான். ரெண்டுலயும் இருக்கறது ஒரே விஷயம்தான், முதலாவது நாம படிக்க, ரெண்டாவது புரோகிராம் படிக்க. திறந்தா என் நம்பர், புரொஃபைல் படம், என்ன போன், கடைசியா இணைஞ்ச ஐபி முகவரி, பிரைவசி செட்டிங் எப்படி வெச்சிருக்கேன், யாரை பிளாக் பண்ணியிருக்கேன், எந்தெந்த குரூப்ல இருக்கேன், எல்லாம் இருக்கு. அப்புறம் கான்டாக்ட் பட்டியல். பேரே இல்லாம வெறும் நம்பரா வரிசையா நிக்குது. எது எங்க சித்தி, எது கேஸ்காரர்னு எனக்கே தெரியல! ஆனா அத்தனையும் மத்தவங்க நம்பர். அதனால பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டர்ல திறந்துட்டு அப்படியே விட்டுட்டு வந்துடாதீங்க.

இப்ப மூணு நாள் விஷயம். "கம்ப்யூட்டர்தானே, ஒரு நொடியில தரக்கூடாதா"ன்னு தோணும். நீங்க ஆப்பைத் திறந்ததும் உடனே தெரியணும்னு வேகமா வெச்சிருக்கற தகவல் வேற, பழைய பதிவேட்டுல கிடக்கறது வேற. பெரிய சர்வீஸ்ல ஒரு ஆளோட விவரம் ஒரே பெட்டியில இருக்காது. ஒவ்வொரு இடத்துலயும் தேடி எடுத்து, ஒண்ணா சேர்த்து, கோப்பா கட்டணும். அந்த வேலையை வர்ற வர்ற உடனே ஓட்ட மாட்டாங்க. மெசேஜ் போற வழிக்கு இடைஞ்சல் வராம, வரிசையில போட்டு பின்னாடி ஓட்டுவாங்க. நான் பேக்எண்ட் வேலையில இருந்தப்ப இந்த மாதிரி ஒரு எக்ஸ்போர்ட் ராத்திரிலதான் ஓடும். அவசரம்னு ஒரு தடவை பகல்ல ஓட்டி, சைட்டே தவழ ஆரம்பிச்சிடுச்சு.

தாமதத்துக்குப் பாதுகாப்பும் ஒரு காரணமா இருக்கலாம். டெலிகிராம்ல இது அப்பட்டமாத் தெரியும். அங்க டெஸ்க்டாப் ஆப்ல Export Telegram data கொடுத்தா, சீக்ரெட் சேட் தவிர மத்த மெசேஜே வந்துடும், ஏன்னா அது அவங்க சர்வர்லயே இருக்கு. அதனாலயே, புதுசா லாகின் பண்ணின கம்ப்யூட்டர்ல கேட்டா 24 மணி நேரம் நிறுத்தி வெச்சு, உங்க மத்த சாதனங்களுக்கு எல்லாம் தகவல் அனுப்பும். வேற எவனாவது உள்ள புகுந்து கேட்டிருந்தா நீங்க தடுக்க நேரம் கிடைக்குது பாருங்க.

வாட்ஸ்அப்ல கேட்ட பிறகு ரத்து பண்ண முடியாது. ஆனா நடுவுல நம்பர் மாத்தினாலோ அக்கவுன்ட்டை அழிச்சாலோ கோரிக்கை தானா போயிடும், மறுபடி முதல்ல இருந்து. ரிப்போர்ட் தயாரானா அதே Request account info பக்கத்துல கடைசித் தேதி போட்டிருக்கும், அதுக்குள்ள இறக்கிடுங்க.

சரி, உங்க சேட். ஆண்ட்ராய்டுன்னா போன்லயே கடைசி 7 நாள் வரைக்கும் பேக்கப் கிடக்கும். ஃபைல் மேனேஜர்ல இங்க பாருங்க:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Databases
```

பழைய கோப்போட பேர்லயே தேதி இருக்கும். டெலிட் ஆன நாளுக்கு முந்தின கோப்பு இருந்தா, முதல்ல அந்த ஃபோல்டர் முழுசையும் கம்ப்யூட்டருக்குக் காப்பி எடுங்க. அப்புறம்தான் மத்ததெல்லாம். அதை ரீஸ்டோர் பண்ணினா அந்தத் தேதிக்குப் பிறகு வந்த மெசேஜ் போயிடும், அதையும் தெரிஞ்சுக்கங்க. கூகுள் டிரைவ்ல கடைசி பேக்கப் மட்டும்தான் நிக்கும், அதனால இன்னிக்கு ராத்திரி ஆட்டோ பேக்கப் ஓடறதுக்குள்ள Chat backup போய் அதை நிறுத்திடுங்க. அட்வான்ஸ் ஜிபே பண்ணியிருந்தீங்கன்னா இந்த வம்பே வேணாம், பேங்க் ஸ்டேட்மென்ட்ல அந்தப் பணம் போன பதிவு இருக்கும்.