கோயில் நன்கொடை வாக்கும் மறுபயனும்

கேள்வி: ஐயா, வணக்கங்க. காங்கயம் பக்கம் எங்க ஊர் மாரியம்மன் கோயில் கும்பாபிஷேக வேலைக்கு, ஊர்க்கூட்டத்துல ஒருத்தர் 2 லட்சம் தர்றேன்னு சொல்லி வசூல் நோட்டுல கையெழுத்தும் போட்டாருங்க. இப்பத் தர மாட்டேங்கறாரு. கேஸ் போட்டு வாங்க முடியுங்களா?

பதில்: வணக்கம் ஐயா. நோட்டில் கையெழுத்து இருக்கிறது என்பதற்காக மட்டும் நீதிமன்றம் அந்தப் பணத்தை வாங்கித் தராது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், சில விதிவிலக்குகள் தவிர, மறுபயன் இல்லாத உடன்பாடு செல்லாது என்று 25-ஆம் பிரிவில் சொல்கிறது. வக்கீல்கள் கன்சிடரேஷன் என்று சொல்லும் இந்த மறுபயன், வாக்குக் கொடுத்தவருடைய விருப்பத்தின் பேரில் மற்றவர் ஒன்றைச் செய்வதோ, செய்யாமல் விடுவதோ, செய்வதாக ஒப்புக்கொள்வதோ ஆகும். ஈரோட்டில் மஞ்சள் வியாபாரம் நடந்தால் மூட்டை ஒரு பக்கம் போகிறது, பணம் மறுபக்கம் வருகிறது. அங்கே இந்தச் சந்தேகமே எழாது. நன்கொடையில் கொடுப்பவருக்குப் பதிலாக எதுவும் கிடைப்பதில்லை என்பதால்தான் சிக்கல். புண்ணியமும் ஊரில் கிடைக்கும் மரியாதையும் சட்டத்தின் கணக்கில் சேருவதில்லை.

ஆனாலும் நன்கொடை வாக்கு எல்லாமே வீண் என்று நினைத்துவிட வேண்டாம். ஹௌராவில் நகர மண்டபம் கட்டுவதற்காகச் சந்தா திரட்டியபோது 100 ரூபாய் தருவதாகக் கையெழுத்திட்ட ஒருவர் பின்னர் மறுத்தார். அந்த வழக்கில் கல்கத்தா உயர் நீதிமன்றம் 1886-ல் அவர் பணம் தர வேண்டும் என்றே தீர்ப்பளித்தது. சந்தாவை நம்பித்தான் காண்டிராக்டரிடம் வேலை ஒப்படைக்கப்படும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தே கையெழுத்திட்டதால், வேலையை ஒப்படைக்கும்படி அவரே கேட்டுக்கொண்டதாக நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. அவர் கேட்டதன் பேரில் மற்றவர்கள் காண்டிராக்டருக்குக் கடமைப்பட்டார்களே, அதுதான் மறுபயன்.

நம் மதராஸ் உயர் நீதிமன்றத்துக்கு வந்த, 1936-ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்பில் உள்ள துரைசாமி ஐயர் வழக்கு உங்கள் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே கோயில் திருப்பணி ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. பணம் போதாமல் போகவே பட்டியல் சுற்றுக்கு விடப்பட்டு, ஒருவர் 125 ரூபாய் எழுதினார். அவர் எழுதியதற்காக யாரும் புதிதாக எதையும் தொடங்கவில்லை, அவரும் எதையும் செய்யும்படி கேட்கவில்லை என்பதால் பணம் கேட்டவர்கள் தோற்றார்கள்.

ஆகவே உங்கள் ஊர்க்கூட்டம் நடந்த தேதியையும், ஸ்தபதியோடு ஒப்பந்தம் போட்ட தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தை மாதத்திலேயே ஸ்தபதிக்கு முன்பணம் கொடுத்து வேலை தொடங்கிவிட்டது, பங்குனியில்தான் இவர் நோட்டில் எழுதினார் என்றால், வழக்குச் செலவு உங்களுக்கு வீணாகும். மாறாக, கோபுர வேலை எடுப்பதா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்த கூட்டத்தில் “2 லட்சம் நான் தருகிறேன், ஸ்தபதியிடம் வேலையைக் கொடுங்கள்” என்று இவர் சொல்லி, அதை நம்பி நீங்கள் அதன் பிறகு ஒப்பந்தம் போட்டிருந்தால் வழக்குக்கு உயிர் இருக்கிறது. அதற்கு அந்தப் பேச்சு கூட்டத் தீர்மானத்தில் பதிவாகியிருக்க வேண்டும். ஒப்பந்தமும் முன்பண ரசீதும் அதற்குப் பிந்தைய தேதியில் இருக்க வேண்டும். வெறும் வசூல் நோட்டில் பெயர், தொகை, கையெழுத்து என்ற மூன்று கட்டங்களே இருப்பதால், எதற்காக எழுதினார் என்பதை அந்த நோட்டு சொல்லாது.

முத்திரைத் தாளில் எழுதி வாங்கியிருந்தால் வென்றுவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அன்பின் பேரில் எழுதிப் பதிவு செய்த பத்திரம் மறுபயன் இல்லாமலும் செல்லும் என்பது உண்மைதான், ஆனால் அது நெருங்கிய உறவினருக்கு இடையில் மட்டுமே. ஊர்க்காரருக்கும் கோயில் கமிட்டிக்கும் பொருந்தாது. அவர் செக் கொடுத்து அது திரும்பியிருந்தால்கூட, செக் மோசடி வழக்குக்குரிய மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு, சட்டப்படி வசூலிக்கத்தக்க கடனையோ பொறுப்பையோ கேட்கிறது என்பதால், வெறும் நன்கொடைக்கு அது உதவாது. அதே சமயம், 2 லட்சத்தில் 50,000 ரூபாயை ஏற்கெனவே கொடுத்திருந்தால், மறுபயன் இல்லை என்று சொல்லி அவர் அதைத் திருப்பிக் கேட்க முடியாது. கொடுத்து முடித்த அன்பளிப்பை 25-ஆம் பிரிவு தொடுவதில்லை.

தேதிகள் உங்களுக்குச் சாதகமாக இருந்தால், ஸ்தபதிக்குக் கடமைப்பட்டவர்கள் சார்பில், வாக்குக் கொடுத்தவருக்கு முதலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். அவர் பணம் தருவதாகச் சொன்ன கெடு தவறிய நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்கைத் தாக்கல் செய்துவிட வேண்டும்.