பலகைக்கு ஒரு சிங்களம், ஒலிபெருக்கிக்கு ஒரு சிங்களம்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றுக்குத் தெற்கிலிருந்து சிங்கள யாத்திரிகர்கள் பஸ் பஸ்ஸாக வருவார்கள். வாசலில் தமிழில் நாலு வரி எழுதிய அறிவித்தல் பலகை ஒன்று இருந்தது. அதைச் சிங்களத்திலும் போட வேண்டும் என்று நிர்வாகம் முடிவெடுத்தது. கொழும்பில் ஒரு கடையில் பத்து வருடம் வேலை செய்த தம்பி ஒருவரிடம் வேலையைக் கொடுத்தார்கள். சிங்களம் தண்ணீர் மாதிரிப் பேசுவார். பலகை ஏறிய அன்றே வந்தவர்கள் அதைப் படம் பிடித்துச் சிரித்தார்கள். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. அப்படியானால் எதற்குச் சிரிப்பு?

கடைசி வரிதான் காரணம். தமிழில் "காணாமற்போகும் பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பேற்காது" என்று இருந்தது. தம்பி எழுதியது: "நெதி வென படு கென அபி வககியன்னே நே." ஆள் எதிரே நின்று சொன்னால் குறையே இல்லாத சிங்களம். ஆனால் பெயின்ற் பூசிய பலகையில் அதை வாசிக்கிறவருக்கு, "சாமான் துலைஞ்சா எங்களக் கேக்கக் கூடாது" என்று எழுதி வைத்த மாதிரித்தான் இருக்கும்.

நாமும் பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்றுதானே என்பீர்கள். சரி, ஆனால் இரண்டும் ஒரே மாதிரி விலகவில்லை. "போறன்" என்றாலும் "போகிறேன்" என்றாலும் போவது நான் என்பது வினையிலேயே தெரியும். பேச்சுச் சிங்களத்தில் அது இல்லை. மம யனவா, அபி யனவா, எயாலா யனவா. நான், நாங்கள், அவர்கள், யார் போனாலும் "யனவா"தான். எழுத்துக்கு வந்தால் வினை ஆளுக்கு ஆள் மாறும்: மம யமி, அபி யமு, ஒஹு யயி, ஒவுஹு யதி. கடையிலும் பஸ்ஸிலும் சிங்களம் பழகியவர் காதில் இந்த விகுதிகள் அதிகம் விழுந்திருக்காது. வேடிக்கை என்னவென்றால், எழுவாய்க்கு ஏற்ப வினையை முடிப்பது தமிழருக்குப் பிறவிப் பழக்கம். பேச்சுச் சிங்களம் படிக்கும்போது அதைக் கழற்றி வைத்துவிட்டு, எழுதும்போது திரும்ப எடுக்க மறந்துவிடுகிறோம்.

அந்த வரியை எழுத்து நடையில் இப்படிப் போடலாம்: "நெதி வன பாண்ட சந்தஹா பாலக மண்டலய வககீம பார நொகனீ." "வென" என்பது "வன" ஆகிறது. "படு" போய் "பாண்ட" வருகிறது. "நே" என்று தனியாக நின்ற மறுப்பு, "நொ" என்று வினைக்கு முன்னால் ஒட்டிக்கொள்கிறது. எழுவாயை மாற்றி "அபி" என்று தொடங்கினால் முடிவு "நொகனிமு" ஆக வேண்டும். "அபி... நொகனீ" என்று எழுதினால் "நாங்கள் ஏற்காது" என்பதுபோல் ஆகிவிடும். என்னைக் கேட்டால், முழுப் பேச்சு நடையைவிட இந்த அரைகுறைதான் மோசம். முன்னதற்குச் சிரிப்பார்கள், பின்னதற்கு, எழுதியவருக்கு மொழி தெரியாது என்று முடிவே கட்டிவிடுவார்கள்.

மற்ற மூன்று வரிகளில் இந்தத் தொல்லை இல்லை. "படம் எடுக்கக் கூடாது" என்பதற்குத் தம்பி "போட்டோ கன்ன எபா" என்று எழுதியிருந்தார். "எபா" நேரில் பேசும்போது தடுக்கிற சொல். பலகைக்கு "சாயாரூப கெனீம தஹனம்" போதும். "படம் எடுத்தல் தடை" என்ற அமைப்பு அது. வினைமுற்றே இல்லாததால் விகுதியும் இல்லை. "அர்ச்சனைக்கு டிக்கெட் பெற வேண்டும்" என்பதற்கு "லபா கத யுதுய" என்று முடிக்கலாம். எழுவாய் சொல்லாத இந்த வரிக்கு அந்த "யுதுய" போதும். பேச்சில் இதே இடத்தில் "கன்ன ஓனே" வரும்.

செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல்லும் வரிதான் எனக்குப் பிடித்தது. பேச்சில் "செரெப்பு கலவலா என்ன". அந்தச் சொல் நம்முடைய செருப்பேதான். பலகையில் "பாவஹன் கலவா எதுளு வன்ன". கவனித்தீர்களா, இரண்டிலும் முடிவு "ன்ன" தான். மரியாதையாக ஏவும் இந்த வடிவத்தைப் பலகையும் ஏற்றுக்கொள்கிறது. மாற வேண்டியது பெயர்ச்சொல்லும், "கலவலா" "கலவா" ஆகிற அந்த எச்சமும்தான்.

பலகையைத் திருத்தி எழுதினோம். அப்புறம் திருவிழா வந்தது. ஒலிபெருக்கியில் இருந்தவர், புதுப் பலகையில் இருந்ததை அப்படியே வாசிக்கத் தொடங்கினார். "பாவஹன் கலவா..." செய்தி அறிக்கை போகிறது என்று நினைத்தார்களோ என்னவோ, கூட்டத்தில் ஒருவரும் திரும்பவில்லை. தம்பி மைக்கை வாங்கி, "அம்மே, தாத்தே, செரெப்பு கலவலா என்ன" என்றார். முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி உடனே குனிந்து செருப்பைக் கழற்றினார்.

வணக்கம்.