பஸ் வராத காலை: தோட்டத்திலிருந்து ரயில் நிலையம் வரை எட்டு கிலோமீட்டர்

நேயர்களுக்கு வணக்கம்.

பஸ் ஓட்டுநர்கள் நாளை வண்டி எடுக்க மாட்டார்களாம் என்ற செய்தி தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் பெரும்பாலும் இரவு எட்டு மணிக்கு மேல்தான் வரும். அந்த நேரத்தில் எல்லோரும் கேட்பது, ரவாங்குக்கு எப்படிப் போவது என்றுதான். ஆனால் பத்தாங்காலி, ராசா, செரண்டா பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு ரவாங் ஒரு சிக்கலே இல்லை. தஞ்சோங் மாலிமிலிருந்து கிள்ளான் துறைமுகம் போகும் கேடிஎம் கொமுட்டர் பஸ் நின்றாலும் ஓடும். சிக்கல் முழுவதும் லயத்து வீட்டு வாசலிலிருந்து ரயில் நிலையம் வரையுள்ள தூரத்தில் இருக்கிறது. இன்று அந்தத் துண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்தாங்காலி நிலையத்திலிருந்து எட்டு கிலோமீட்டர் உள்ளே ஒரு செம்பனைத் தோட்டம். லயத்திலிருந்து சிம்பாங் வரை மூன்று கிலோமீட்டர் செம்மண் சாலை, அதற்குப் பிறகு ஐந்து கிலோமீட்டர் தார் ரோடு. ரவாங் தொழிற்பேட்டைகளில் எட்டு மணி ஷிஃப்டுக்குப் போக வேண்டியவர்கள் பன்னிரண்டு பேர். அவர்களில் மூவரிடம் மோட்டார் இருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கார் இருக்கிறது. பிடிக்க வேண்டிய ரயில் காலை 6:40 என்று வைத்துக்கொள்வோம். உண்மையான நேரத்தைக் கேடிஎம் அட்டவணையில் இரவே பார்த்துவிடுங்கள். வார நாளுக்கும் விடுமுறை நாளுக்கும் நேரம் ஒன்றாக இருக்காது.

மோட்டார்க்காரர்கள் மூவரும் ஆளுக்கு ஒருவரை ஏற்றிக்கொண்டால் ஆறு பேர் ஆயிற்று. மீதி ஆறு பேர் காரில். ஆனால் ஓட்டுநரைத் தவிர காரில் நான்கு பேர்தான் உட்கார முடியும். அதனால் கார் இரண்டு நடை போக வேண்டும். இங்கேதான் பல தோட்டங்களில் கணக்கு தப்பிவிடுகிறது.

முதல் நடை 5:40க்குக் கிளம்புகிறது. இருட்டில் செம்மண் சாலை மூன்று கிலோமீட்டருக்குப் பத்து நிமிடம், தார் ரோடு ஐந்து கிலோமீட்டருக்குப் பத்து நிமிடம். ஆறு மணிக்கு நிலையம். அங்கிருந்து லயத்துக்குத் திரும்பி வர 6:20. மீதி இருவரும் பையைத் தூக்கிக்கொண்டு வந்து ஏற ஐந்து நிமிடம். திரும்ப நிலையம் சேரும்போது 6:45. ரயில் போய்விட்டது. காரும் பெரியவரும் தயாராக இருந்தும் அந்த இரண்டு பேருக்கு வேலை தாமதம்.

முதல் நடையை 5:20க்கு எடுத்தால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகும்தான். ஆனால் அந்த நேரத்தில் நால்வரும் வாசலில் நிற்பார்களா என்பது வேறு கதை. அதைவிட எளிதான வழி ஒன்று உண்டு. காரை லயத்துக்குத் திருப்பி அனுப்பாதீர்கள், சிம்பாங்கிலேயே திருப்புங்கள். தூரத்தில் சிறியது அந்தச் செம்மண் துண்டு, ஆனால் நேரத்தில் பாதியைத் தின்பது அதுதான். இரண்டாம் நடைக்குரிய இருவரையும் இரண்டு மோட்டார்கள் 5:50க்கு ஏற்றிக்கொண்டு போய் ஆறு மணிக்குச் சிம்பாங்கில் இறக்கிவிடட்டும். கார் நிலையத்தில் நால்வரை இறக்கிவிட்டு 6:02க்குக் கிளம்பினால் 6:12க்குச் சிம்பாங் வந்துவிடும், அந்த இருவரையும் ஏற்றிக்கொண்டு 6:25க்குள் நிலையம் சேரும். மோட்டார்கள் 6:10க்கு லயம் திரும்பி, தங்கள் பின்னால் உட்கார வேண்டியவர்களை ஏற்றிக்கொண்டு 6:30க்கு வந்துவிடும். பன்னிரண்டு பேரும் ரயிலுக்குப் பத்து நிமிடம் முன்னதாக நிலையத்தில் இருப்பார்கள்.

இந்த ஏற்பாட்டில் அந்த இருவரும் பன்னிரண்டு நிமிடம் சிம்பாங்கில் நிற்க வேண்டியிருக்கும். அங்கே விளக்கு இல்லையென்றால் இப்படிச் செய்யாதீர்கள், பழையபடி 5:20 கணக்குக்கே போங்கள். ஒற்றை ஆளாக ஒருவரை இறக்கிவிட்டுப் போவதும் கூடாது. நடந்தே சிம்பாங் போய்விடலாம் என்று சிலர் சொல்வார்கள். மூன்று கிலோமீட்டர் என்பது விடியாத இருட்டில் முக்கால் மணி நேர நடை. இரவில் மழை பெய்திருந்தால் சேறும் சேர்ந்துகொள்ளும். நாயும் காட்டுப்பன்றியும் இருக்கிற பாதை அது.

மோட்டாரில் பின்னால் ஏற்றுவதற்கு ஒரு நிபந்தனை. எல் ஒட்டிய பழகுநர் லைசென்ஸ் வைத்திருப்பவர் யாரையும் ஏற்றக் கூடாது. லயத்தில் மூன்று மோட்டார் இருக்கிறது என்று எண்ணுவதற்கு முன்னால் யாரிடம் முழு லைசென்ஸ் இருக்கிறது என்று கேளுங்கள், மூன்று பல நேரம் இரண்டாகிவிடும். பிறகு ஹெல்மெட். வீட்டில் ஒன்றுதான் இருக்கும், பின்னால் உட்காருபவருக்கு இரவல் வாங்க வேண்டும். அதையும் இரவிலேயே வாங்கி வண்டியில் மாட்டிவிடுங்கள். காலை ஐந்தரைக்கு எந்தக் கதவையும் தட்ட முடியாது.

தோட்டத்து லாரியின் பின்னால் நின்றுகொண்டு போகலாமே என்ற யோசனை எல்லாத் தோட்டத்திலும் வரும். சரக்கு ஏற்றும் வண்டியில் ஆளை ஏற்றினால், விபத்து நடந்த அன்று காப்புறுதி பேசாது. அதோடு அதை விட்டுவிடுகிறேன். கிராப் போன்ற செயலிகளையும் நம்பி உட்காராதீர்கள். அதிகாலையில் எட்டு கிலோமீட்டர் உள்ளே வர ஓட்டுநர் கிடைப்பது அரிது. வருகிறேன் என்றவரும் வரைபடத்தில் லயத்துப் பாதை தெரியாமல் சிம்பாங்கிலேயே ரத்து செய்துவிடுவார்.

இனி காருக்கு வருவோம். பெரியவருக்குப் பெட்ரோல் காசு கொடுப்பது நியாயம், ஆனால் எவ்வளவு? காலை நடைகளைக் கூட்டிப் பாருங்கள்: போக எட்டு, சிம்பாங் வர ஐந்து, மறுபடி போக ஐந்து, வீடு திரும்ப எட்டு. மொத்தம் 26 கிலோமீட்டர். சிறிய காருக்கு அதற்கு ஏறக்குறைய இரண்டு லிட்டர் ஆகும். லிட்டர் இரண்டு வெள்ளி என்றால் நான்கு வெள்ளி. மாலையும் சேர்த்தால் எட்டு, கொஞ்சம் கூட இருக்கட்டும் என்று பத்து வைத்துக்கொள்ளலாம். ஆறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு இரண்டு வெள்ளிகூட ஆகாது. ஆளுக்கு ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி என்று ஏறினால் அது பெட்ரோல் காசு இல்லை, கட்டணம். லைசென்ஸ் இல்லாமல் கட்டணத்துக்கு ஆள் ஏற்றுவதைத்தான் ‘கெரெத்தா சாப்பு’ என்கிறோம். 2010ஆம் ஆண்டின் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டப்படி அது குற்றம். தனியார் கார் காப்புறுதியும் வாடகைக்கு ஓட்டுவதை ஏற்காது. மாட்டிக்கொள்வது உதவி செய்ய வந்த அந்தப் பெரியவர்தான்.

காப்புறுதி பற்றி இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. நம் நாட்டில் தனியார் காருக்கு எடுக்கும் சாதாரணக் காப்புறுதி, ஓட்டுநரின் தவற்றால் காயப்படும் பயணிகள் கேட்கும் இழப்பீட்டைத் தானாகவே ஏற்றுக்கொள்வதில்லை. அதற்குத் தனியாக ஒரு சேர்ப்பு வாங்க வேண்டும். காப்புறுதித் தாளில் 100 என்ற எண்ணுள்ள சேர்ப்பு இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் பயணிகளுக்கான சட்டப் பொறுப்பு. இல்லாவிட்டால் முகவரிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு நாள் வேலைநிறுத்தத்துக்காக அல்ல, பக்கத்து வீட்டாரை அடிக்கடி ஏற்றுகிற எந்தக் காருக்கும் அது தேவை.

தொழிலாளிக்கு வேறொரு பாதுகாப்பு உண்டு. அது பெர்கேசோ. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்து வேலை விபத்தாகவே கருதப்படும், பஸ்ஸில் போனாலும் பக்கத்து வீட்டுக் காரில் போனாலும். ஆனால் வேலைக்குத் தொடர்பில்லாத காரியத்துக்காக வழியை மாற்றினாலோ, இடையில் பயணத்தை நிறுத்தினாலோ உரிமை சிக்கலாகும். அன்றைக்கு வழக்கமான பாதையை விட்டுப் போவதால், ஏன் போனோம் என்பதற்குச் சான்று கையில் இருப்பது நல்லது. பஸ் ஓடாது என்று வந்த செய்தியை அழிக்காதீர்கள். விபத்து நடந்தால் போலீஸ் புகார் செய்யுங்கள், முதலாளிக்கு உடனே சொல்லுங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் பெர்கேசோவுக்குத் தெரிவிக்க வேண்டும்.

சூப்பர்வைசருக்கு அனுப்பும் செய்தியையும் இரவே அனுப்புங்கள். ‘பஸ் இல்லை, லேட்டாக வரலாம்’ என்பது போதாது. இப்படி எழுதுங்கள்: ‘நாளை எங்கள் பக்கம் பஸ் ஓடாது. 6:40 கொமுட்டரில் வருகிறேன். ரவாங் நிலையத்திலிருந்து தொழிற்சாலைக்கும் பஸ் இருக்காது, கம்பெனி வேன் வருமா? இல்லாவிட்டால் 8:30க்குள் வந்துவிடுவேன்.’ வேனைக் கேட்காவிட்டால் யாரும் அனுப்ப மாட்டார்கள்.

வரவே முடியாமல் போனால்? 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 15ஆம் பிரிவில், தொடர்ந்து இரண்டு வேலை நாட்களுக்கு மேல் அனுமதியும் தகுந்த காரணமும் தகவலும் இல்லாமல் வராவிட்டால்தான் ஒப்பந்தத்தை முறித்ததாகக் கொள்வார்கள். ஒரு நாள் வராததற்கு அது பொருந்தாது. ஆனால் அன்றைய சம்பளம் போகலாம். அதைச் சம்பளமில்லா விடுப்பாக வைத்தால் 18ஏ பிரிவின்படி மாதச் சம்பளத்தை அந்த மாதத்தின் நாட்களால் வகுக்க வேண்டும். 1,700 வெள்ளிச் சம்பளத்துக்கு 30 நாள் மாதத்தில் 56 வெள்ளி 67 காசு. சில இடங்களில் பழக்கத்தில் 26ஆல் வகுத்து 65 வெள்ளி 38 காசு வெட்டுகிறார்கள். சம்பளச் சீட்டில் பாருங்கள், வெட்டியிருந்தால் கேளுங்கள். அதைவிடப் பெரிய இழப்பு பெரும்பாலும் வருகை அலவன்ஸ்தான். ஒரு நாள் தப்பினால் மாதம் முழுதுக்கும் போய்விடும் இடங்கள் உண்டு. அதனால் ஆண்டு விடுப்பில் ஒரு நாளைக் கழிக்கச் சொல்லி எழுத்தில் கேட்பது நல்லது.

மாலைக்கு வருகிறேன். காலைத் திட்டத்தைப் போட்டவர்கள் மாலையை மறந்துவிடுவது வழக்கம். ஓவர்டைம் யார் யாருக்கு என்று மூன்று மணிக்குள் குழுவில் சொல்லிவிடச் சொல்லுங்கள், அப்போதுதான் பெரியவர் எத்தனை முறை வர வேண்டும் என்று தெரியும். டச் அன் கோ கார்டில் திரும்பி வரவும் பணம் இருக்க வேண்டும், நிலையத்து வாசலில் கேட் திறக்காமல் நிற்பவர்கள் இப்படித்தான் நிற்கிறார்கள். பெரியவருக்கு ரவாங்கில் ரயில் ஏறியதுமே செய்தி அனுப்புங்கள், செரண்டா தாண்டியபின் அனுப்பினால் அவர் லயத்திலிருந்து வந்து சேர்வதற்குள் நீங்கள் நிலையத்தில் காத்துக்கிடப்பீர்கள்.

மாலையில் அவசரம் இல்லை. எனவே காலையில் செய்ததுபோல் சிம்பாங்கில் யாரையும் இறக்கிவிட வேண்டாம். கார் இரண்டு முறையும் லயம் வரை போகட்டும். இரண்டாம் நடைக்குக் காத்திருப்பவர்கள் விளக்கும் ஆளும் இருக்கிற நிலையத்திலேயே உட்கார்ந்திருக்கட்டும். மழை பிடித்துக்கொண்டால் மோட்டாரில் பின்னால் வந்தவர்களும் காருக்கு மாறட்டும். நனைந்த செம்மண்ணில் இரண்டு பேர் பாரத்தோடு மோட்டார் வழுக்கும். அப்படியானால் காருக்கு இரண்டு நடை மூன்றாகும். அதற்கும் பெட்ரோல் இருக்கிறதா என்று காலையிலேயே பெரியவரைக் கேட்டுவிடுங்கள்.

வணக்கம்.