சிஸ்டிசெர்கஸ் எலைசா பாசிட்டிவ்: மூளையில புழு இப்போ இருக்குன்னு அர்த்தமா?

[திரையில்: ரிப்போர்ட்ல ஒரு வரி. சிஸ்டிசெர்கஸ் ஐ.ஜி.ஜி. எலைசா: பாசிட்டிவ். இன்டெக்ஸ் 1.6]

சிஸ்டிசெர்கஸ்ங்கிறது பன்றி நாடாப்புழுவோட இளம்பருவக் கட்டி, எலைசாங்கிறது ஒரு ரத்த டெஸ்ட். இந்த ரிப்போர்ட் 32 வயசு ஆண் ஒருத்தரோடதுன்னு வெச்சுக்குவோம். ஒரே ஒரு தடவை ஃபிட்ஸ் வந்திருக்கு. சி.டி. ஸ்கேன்ல மூளையோட இடது பக்கம் 4 மில்லிமீட்டர்ல ஒரு வெள்ளைப் புள்ளி. கால்சியம் படிஞ்சிருக்கு, சுத்தி வீக்கம் இல்லை. இதோட எலைசாவும் பாசிட்டிவ்னு வந்துட்டா, வீட்டுல ரெண்டு கேள்வி வரும். மூளையில புழு இருக்கா? புழு மாத்திரை எப்போ ஆரம்பிக்கணும்? ரெண்டுக்கும் இந்த வரியை மட்டும் வெச்சுப் பதில் சொல்ல முடியாது.

[திரையில்: 96 குழி உள்ள எலைசா பிளேட், மேலிருந்து]

டெஸ்ட்ல என்ன நடக்குதுன்னு பாருங்க. பிளேட்டோட ஒவ்வொரு குழியிலயும் பன்றி நாடாப்புழுவோட இளம்பருவக் கட்டியிலிருந்து எடுத்த புரதம் முன்னாடியே ஒட்டியிருக்கும். நோயாளியோட ரத்தத்துலேர்ந்து பிரிச்ச தெளிவான திரவமான சீரத்தை, பெரும்பாலும் 100 மடங்கு நீர்க்க வெச்சு, 100 மைக்ரோலிட்டர் விடுவாங்க. அந்தப் புரதத்தைப் பிடிக்கிற ஆன்டிபாடி, அதாவது தொற்றை எதிர்க்க உடம்பு உருவாக்குற புரதம், சீரத்துல இருந்தா குழியில ஒட்டிக்கும். மத்ததெல்லாம் வாஷ் பண்ணும்போது போயிடும். அடுத்து, ஐ.ஜி.ஜி.ங்கிற மனுஷ ஆன்டிபாடி வகையைப் பிடிக்கிற இன்னொரு ஆன்டிபாடியை விடுவாங்க. அதோட ஒரு என்சைம் சேர்ந்திருக்கும். திரும்ப வாஷ். கடைசியா, என்சைம் பட்டா நிறம் மாறுற டி.எம்.பி. கரைசல். என்சைம் இருக்கிற குழி நீலமாகும், அமிலம் விட்டதும் மஞ்சளாகும். அந்த மஞ்சளை 450 நானோமீட்டர்ல அளக்கிறாங்க. எவ்வளவு நேரம், எந்த வெப்பம்ங்கிறது கிட்டுக்குக் கிட்டு மாறும்.

இங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு: இவ்வளவு நேரமும் புழுவை யாரும் தேடவே இல்லை. தேடினது ஆன்டிபாடியை.

லேப்ல அடிக்கடி சொதப்புற இடம் வாஷ் பண்றதுதான். குழியில மிச்சம் தங்கிட்டா, ஒட்டாத என்சைமும் நிறம் கொடுக்கும். எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஆன்டிபாடி இல்லாத சீரம் விட்ட நெகட்டிவ் கன்ட்ரோல் குழியும் லேசா மஞ்சளாகியிருக்கும். அப்படின்னா அந்த பிளேட்டோட ரிசல்ட் எதையும் நம்பக் கூடாது, திரும்பப் போடணும். நோயாளியோட அளவு, பாசிட்டிவையும் நெகட்டிவையும் பிரிக்கிற கட்-ஆஃபை ஒட்டி வந்தாலும் அதே சீரத்தை இன்னொரு தடவை ரெண்டு குழியில போட்டுப் பார்க்கிறதுதான் சரி.

[திரையில்: நாடாப்புழுக் குடும்பம். பன்றி நாடாப்புழு, ஹைடேட்டிட் புழு, குள்ள நாடாப்புழு]

சரி, லேப்ல எந்தத் தப்பும் இல்லை. அப்பவும் பாசிட்டிவ் பொய்யா இருக்கலாம். பல கிட்ல கட்டியை அப்படியே அரைச்சு எடுத்த கலவைதான் ஆன்டிஜென், அதாவது குழியில ஒட்டியிருக்கிற பொருள். அதுல இருக்கிற புரதங்களும் சர்க்கரைச் சங்கிலிகளும் நாடாப்புழுக் குடும்பம் முழுக்கப் பொது. அதனால கல்லீரல்ல ஹைடேட்டிட் கட்டி உள்ள ஒருத்தரோட ஆன்டிபாடி இந்தக் குழியிலயும் போய் ஒட்டும். குழந்தைங்க குடல்ல சாதாரணமா இருக்கிற குள்ள நாடாப்புழுவும் இதே குழப்பத்தைக் கொடுக்கும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1989-ல வந்த முறைதான் ஈ.ஐ.டி.பி. கட்டியிலிருந்து 7 கிளைகோபுரதங்களை மட்டும் பிரிச்சு, ஒரு பட்டையில தனித்தனிக் கோடா வெச்சு, எந்தக் கோட்டுல ஆன்டிபாடி ஒட்டுதுன்னு பார்க்கிறாங்க. வேற புழுவோட ஆன்டிபாடி வந்து ஒட்டுற குறுக்கு வினை ரொம்பவே குறைஞ்சிடும். அரைச்ச கலவை எலைசாவை, மூளையில இந்தக் கட்டி வர்ற நரம்பு சிஸ்டிசெர்கோசிஸுக்குத் தவிர்க்கணும், சீரத்துல ஈ.ஐ.டி.பி. பார்க்கணும்னு அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கத்தோட வழிகாட்டுதலே சொல்லுது. நம்ம ஊர்ல ஈ.ஐ.டி.பி. எல்லா லேப்லயும் கிடைக்கிறதில்லை, அதுதான் சிக்கல்.

[திரையில்: முட்டை, குடல், ரத்தம், தசை, மூளை எனப் போகும் அம்புக்குறி]

இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம். ஆன்டிபாடி இந்தப் புழுவுக்கே உரியதுன்னு உறுதியாயிடுச்சு. அப்பவும் தொற்று இப்போ இருக்குன்னு சொல்ல முடியாது.

இந்த நோய் பன்றிக்கறியால நேரா வர்றதில்லை. சரியா வேகாத கறி சாப்பிட்டா குடல்ல நாடாப்புழு வளரும். மூளைக்கு வர்றது, அந்தப் புழு உள்ளவரோட மலத்துல வெளியேறுற முட்டை இன்னொருத்தர் வாய்க்குள்ள போகும்போது. அதனாலதான் சைவம் சாப்பிடுறவங்களுக்கும் வருது. முட்டை பொரிஞ்சு, குஞ்சுப்புழு குடல் சுவரைத் துளைச்சு ரத்தத்துல கலக்கும். நிறைய பேருக்கு உடம்பு அங்கேயே அதை அழிச்சிடும். கட்டியே உருவாகாது, ஆனா ஆன்டிபாடி உருவாகியிருக்கும். பெரு, கொலம்பியா கிராமங்கள்ல பாசிட்டிவா இருந்தவங்களைப் பிறகு திரும்ப டெஸ்ட் பண்ணினப்போ, கணிசமான பேருக்கு நெகட்டிவ் ஆகியிருந்தது. அவங்களுக்கு நடந்தது வந்துபோன தொடர்பு, அவ்வளவுதான்.

கட்டி உண்மையிலேயே உருவானவங்களுக்கு வேற கதை. கட்டி செத்த பிறகும் ஆன்டிபாடி தயாரிக்கிற செல்கள் எலும்பு மஜ்ஜையில வேலை பார்த்துட்டே இருக்கும். ஒரு ஐ.ஜி.ஜி. மூலக்கூறு ரத்தத்துல பாதியாக் குறைய சுமார் 3 வாரம்தான். ஆனா புதுசு வந்துட்டே இருக்கிறதால பாசிட்டிவ் வருஷக்கணக்கா நீடிக்கலாம். புழு மாத்திரை கொடுத்துட்டு, குணமாச்சான்னு பார்க்க எலைசாவைத் திரும்ப எடுக்கிறது காசுக்குத்தான் கேடு.

[திரையில்: 1000 பேர். 10 பேருக்கு நோய்]

ஒரு கணக்குக்கு, தலைவலின்னு வர்ற 1000 பேர்ல 10 பேருக்குத்தான் நோய்னு எடுத்துக்குங்க. டெஸ்ட் நோய் உள்ள 100 பேர்ல 90 பேரைப் பிடிக்கும், நோய் இல்லாத 100 பேர்ல 5 பேருக்குத் தப்பா பாசிட்டிவ் காட்டும்னும் வெச்சுக்குவோம். நோய் உள்ளவங்கள்ல 9 பேர் பாசிட்டிவ். நோய் இல்லாத 990 பேர்ல சுமார் 50 பேரும் பாசிட்டிவ். மொத்தம் 59 பாசிட்டிவ்ல 9 தான் நிஜம். ஸ்கேன்ல எந்தச் சந்தேகமும் இல்லாம வெறும் தலைவலிக்கு இந்த டெஸ்ட் எழுதக் கூடாதுன்னு சொல்றது இதனாலதான்.

நெகட்டிவையும் நம்ப முடியாத ஒரு இடம் இருக்கு, அது இந்தியாவுல ரொம்ப சகஜம்: மூளையில ஒரே ஒரு கட்டி. அப்போ ஆன்டிபாடி குறைவாத்தான் இருக்கும், ஈ.ஐ.டி.பி. கூட நிறைய பேரைத் தவறவிடும். அந்த மாதிரி நேரத்துல அது காசநோய்க் கட்டியான்னு பிரிக்க, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி நரம்பு அறுவை மருத்துவர்கள் வகுத்த அளவுகோல் ஸ்கேனையும் நோயாளியோட நிலையையும்தான் நம்புது: கட்டி 20 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும், மூளை நடுக்கோட்டுலேர்ந்து தள்ளிப் போயிருக்கக் கூடாது, மூளைக்குள்ள அழுத்தம் கூடின அறிகுறியோ வளர்ந்துட்டே போற நரம்புக் குறைபாடோ இருக்கக் கூடாது.

[திரையில்: எம்.ஆர்.ஐ. படம். நீர்க்கட்டி, உள்ளே ஒரு சின்னப் புள்ளி]

நம்ம 32 வயசுக்காரருக்குத் திரும்புவோம். சி.டி.யில பார்த்த வெள்ளைப் புள்ளி செத்துக் கால்சியமான கட்டி. அதுல கொல்றதுக்குப் புழு இல்லை. பாசிட்டிவ் எலைசா அந்தப் பழைய கட்டியோட நினைவாவும் இருக்கலாம், குறுக்கு வினையாவும் இருக்கலாம். அடுத்து வேண்டியது எம்.ஆர்.ஐ., சி.டி.யில தெரியாத உயிருள்ள கட்டி வேற எங்கயாவது இருக்கான்னு பார்க்க. தெளிவான நீர்க்கட்டி, அதுக்குள்ள புழுவோட தலை ஒரு புள்ளியா தெரிஞ்சா, அதுதான் உயிருள்ள கட்டி. அப்போதான் அல்பெண்டசோல்ங்கிற புழு மாத்திரை பேச்சு, அதுவும் ஸ்டீராய்டோட, கண்ணுக்குள்ள கட்டி இல்லைன்னு கண் மருத்துவர் பார்த்த பிறகு. எம்.ஆர்.ஐ.யில வேற எதுவும் இல்லைன்னா ஃபிட்ஸ் மாத்திரை மட்டும் போதும். உயிருள்ள கட்டிக்கு சிகிச்சை எடுத்தவங்களுக்கு, கட்டி கரைஞ்சுதான்னு 6 மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேன்லதான் பார்க்கணும்.