பி-3 வீட்டு பாக்கி: பொருளாளர் நோட்டீஸ் எழுதும் முறை

[திரையில்: கைப்பேசி. வாட்ஸாப்பில் ஒரே ஒரு வரி: "போன தையில நான் போட்ட அஞ்சாயிரம் எங்க சார்?"]

பாக்கி நோட்டீஸ் போனதும் பொருளாளருக்குப் பெரும்பாலும் இப்படித்தான் பதில் வரும். கட்ட மாட்டேன் என்று யாரும் எழுதுவதில்லை. கணக்கில் ஓர் ஓட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். அதை வைத்தே இன்னும் ஆறு மாதம் ஓட்டிவிடுவார்கள். ஆகவே கடிதத்தை எழுத உட்காரும் முன் பேரேட்டைத் திறக்க வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு. கும்பகோணத்தில் 24 வீடுகள் உள்ள ஓர் அடுக்ககம் என்று வைத்துக்கொள்வோம். மாத மெயின்டனன்ஸ் 1,800 ரூபாய். அந்தந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். தவறினால் அடுத்த மாதத்திலிருந்து, முழுதாக முடிந்த ஒவ்வொரு மாதத்துக்கும் 1 சதவீதம் தனிவட்டி. இது சங்கத்தின் பைலாவில் இருக்கிறது. பைலாவில் வட்டியே இல்லாத சங்கம், நோட்டீஸில் வட்டி கேட்கக் கூடாது. அதைக் கேட்டால் அசலும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும்.

பி-3 வீட்டின் உரிமையாளர் திருப்பூரில் வேலையாக இருக்கிறார். வீட்டில் வாடகைக்கு ஒரு குடும்பம். 2024 ஆகஸ்ட் முதல் 2025 செப்டம்பர் வரை 14 மாதம் மெயின்டனன்ஸ் வரவில்லை. நடுவே ஒரே ஒரு முறை, 2025 ஜனவரி 20 அன்று, 5,000 ரூபாய் சங்கக் கணக்குக்கு வந்திருக்கிறது.

[திரையில்: வங்கிக் கணக்கு அறிக்கையின் ஒரு வரி. தேதி, தொகை, குறிப்புக் கட்டத்தில் "பி3 மெயின்டனன்ஸ்".]

இந்த வரியில்தான் வம்பு. அதற்கு முந்தைய நாள், ஜனவரி 19 ஞாயிற்றுக்கிழமை, பொதுக்குழு கூடி ஒரு தீர்மானம் போட்டது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்ப்புக்குள் வெள்ளத் தண்ணீர் புகுந்து மோட்டார் புகைந்துபோனது. புது மோட்டார் வாங்க, சம்ப்பின் வாயை உயர்த்திக் கட்ட, பேனல் போர்டை மேலே ஏற்ற என்று மொத்தம் 1,44,000 ரூபாய், வீட்டுக்கு 6,000, பிப்ரவரி 15-க்குள் கட்ட வேண்டும். மறுநாளே பி-3 பணம் வந்ததும் பொருளாளர் அதை மோட்டார் நிதியில் வரவு வைத்துவிட்டார். பணம் தேவைப்பட்ட நேரம், வைத்ததில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை.

ஆனாலும் அது தவறு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 59 முதல் 61 வரை இதைத்தான் சொல்கிறது. பல பாக்கி வைத்திருப்பவர், எந்தப் பாக்கிக்கு இந்தப் பணம் என்று சொல்லிக் கொடுத்தால், வாங்கிக்கொண்டவர் அதற்கே வரவு வைக்க வேண்டும். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் வாங்கியவர் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். இருவருமே குறிப்பிடாமல் விட்டால் பழைய பாக்கியிலிருந்து வரிசையாகக் கழியும். பி-3 காரர் "மெயின்டனன்ஸ்" என்று எழுதி அனுப்பியிருக்கிறார். அந்தப் பணம் மெயின்டனன்ஸுக்குத்தான் போக வேண்டும். எந்த மாதம் என்று அவர் சொல்லவில்லை, அதனால் பழைய மாதத்திலிருந்து கழிப்பதே நியாயம்.

நோட்டீஸுக்கு முன் பேரேட்டில் இதைத் திருத்திவிடுங்கள். பழைய பதிவை அழிக்க வேண்டாம். அதற்குக் கீழே மாற்றுப் பதிவு ஒன்று போட்டு, காரணத்தையும் தேதியையும் எழுதினால் போதும். ஆண்டுத் தணிக்கையில் கேள்வி வந்தாலும் பதில் அங்கேயே இருக்கும்.

[திரையில்: பேரேட்டுப் பக்கம், மாத வாரியாக.]

இப்போது கணக்கு. 14 மாதத்துக்கு 25,200. அதில் 5,000 கழித்தால் அசல் 20,200. அந்த 5,000-இல் ஆகஸ்டும் செப்டம்பரும் முழுதாக அடைகின்றன. அக்டோபரில் 1,400 அடைந்து 400 நிற்கிறது. இந்தச் சங்கத்தின் பைலா அசலை முதலில் கழிக்கச் சொல்கிறது. உங்கள் பைலா வட்டியை முதலில் கழிக்கச் சொன்னால் உங்கள் எண் வேறாக வரும்.

வட்டியை மாதம் மாதமாகப் போட வேண்டும். 1,800-க்கு மாதம் 18 ரூபாய். ஆகஸ்ட் பாக்கி ஜனவரியில் அடைவதற்குள் நான்கு மாதம் முடிந்திருக்கிறது, 72 ரூபாய். செப்டம்பருக்கு மூன்று மாதம், 54. அக்டோபரில் அடைந்த 1,400-க்கு இரண்டு மாதம், 28. நின்றுபோன 400-க்கு 2025 செப்டம்பர் வரை பதினொரு மாதம், 44. நவம்பருக்குப் பத்து மாதம், டிசம்பருக்கு ஒன்பது என்று குறைந்துகொண்டே வந்து, கடைசிச் செப்டம்பருக்கு வட்டியே இல்லை. அவை எல்லாம் சேர்ந்து 990. ஆக மொத்த வட்டி 1,188 ரூபாய்.

பல பொருளாளர்கள் இங்கே ஒரு குறுக்கு வழி போடுவார்கள்: 25,200-க்கு 14 மாதம், 14 சதவீதம், 3,528. கால்குலேட்டரில் ஒரே தட்டில் வந்துவிடும். போன மாதம் நிலுவையான தொகைக்கும் 14 மாத வட்டி போட்டதாகிவிடும் என்பது அப்போது தோன்றாது. உறுப்பினர் வீட்டில் ஒரு கணக்குப் பிள்ளை இருந்தால் மறுநாளே பிடித்துவிடுவார்கள். பிறகு நாம் எந்த எண்ணைச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

மோட்டார் நிதி 6,000 தனி. தீர்மானத்தில் அதற்கு வட்டி என்று எழுதவில்லை, ஆகவே வட்டி போடக் கூடாது. மூன்றும் சேர்ந்து 27,388 ரூபாய்.

[திரையில்: சங்கத்தின் கடிதத்தாள். வரி வரியாக எழுத்து வருகிறது.]

கடிதம் இப்படி இருக்கலாம்.

"நாள்: 06.10.2025
பெறுநர்: பி-3 வீட்டு உரிமையாளர் அவர்கள்
பொருள்: மெயின்டனன்ஸ் மற்றும் மோட்டார் நிதி நிலுவை ரூ. 27,388

ஐயா,
வணக்கம். தங்கள் வீட்டுக்கான கணக்கை 30.09.2025 வரை சரிபார்த்து, மாத வாரியான பட்டியலை இத்துடன் இணைத்துள்ளோம். மெயின்டனன்ஸ் அசல் ரூ. 20,200, பைலாவின்படி வட்டி ரூ. 1,188, 19.01.2025 பொதுக்குழுத் தீர்மானப்படி மோட்டார் நிதி ரூ. 6,000.

20.01.2025 அன்று தாங்கள் செலுத்திய ரூ. 5,000, எங்கள் பதிவில் தவறுதலாக மோட்டார் நிதியில் சேர்க்கப்பட்டிருந்தது. அதைத் திருத்தி மெயின்டனன்ஸில் வரவு வைத்துள்ளோம். வருந்துகிறோம்.

மேற்படி தொகையை 31.10.2025-க்குள் சங்கத்தின் வங்கிக் கணக்கில் செலுத்தக் கேட்டுக்கொள்கிறோம். அந்தத் தேதிக்குள் செலுத்தினால் பழைய பாக்கிக்கு அக்டோபர் மாத வட்டி சேராது. அக்டோபர் மாத மெயின்டனன்ஸ் ரூ. 1,800 இதில் அடங்கவில்லை.

கணக்கில் மாறுபாடு இருந்தால் 20.10.2025-க்குள் எழுத்தில் தெரிவிக்கவும். ஒரே தவணையில் இயலாவிட்டால் 31.10.2025-இல் ரூ. 10,000, 30.11.2025-இல் ரூ. 9,000, 31.12.2025-இல் ரூ. 8,388 என மூன்று தவணைகளுக்குச் செயற்குழு இசைவு தந்துள்ளது. அதற்கான ஒப்புதல் கடிதத்தில் கையொப்பமிட்டு அனுப்பவும்.

பணமோ பதிலோ வராத நிலையில், நிலுவையைச் சட்டப்படி வசூலிக்கும் முடிவு 09.11.2025 செயற்குழுக் கூட்டத்தில் எடுக்கப்படும்.

இப்படிக்கு,
பொருளாளர் (செயற்குழுவுக்காக)"

இதில் சில இடங்களைக் கவனியுங்கள். "உடனடியாக" என்ற சொல் எங்கும் வரவில்லை, தேதி இருக்கிறது. "கிடைத்த 15 நாளுக்குள்" என்று எழுதினால் எப்போது கிடைத்தது என்பதே தனி வழக்காகிவிடும். 2025-இல் தீபாவளி அக்டோபர் 20. பண்டிகைச் செலவு முடிந்து, மாதச் சம்பளமும் வரும் நேரத்தில் கெடு விழுகிறது. கடைசிப் பத்தியில் கூட்டத்தின் தேதி கொடுத்திருப்பதால் அது வெறும் மிரட்டலாகப் படாது. ஆனால் அன்று கூட்டம் கண்டிப்பாக நடக்க வேண்டும், தீர்மானப் புத்தகத்திலும் ஏற வேண்டும்.

நம் தவறுக்கு வருத்தம் தெரிவித்தது பலவீனம் என்று செயற்குழுவில் ஒருவராவது சொல்வார். சொல்லட்டும். "அஞ்சாயிரம் எங்க சார்?" என்ற கேள்விக்குக் கடிதமே பதில் சொல்லிவிட்டதால், அடுத்த பேச்சு தொகையைப் பற்றித்தான் இருக்க முடியும்.

தவணைக் கடிதத்தில் கையொப்பம் கேட்பதற்கும் காரணம் உண்டு. இப்படிப்பட்ட பணப் பாக்கிக்கு வழக்குப் போட, 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி மூன்று ஆண்டு அவகாசம். 2024 அக்டோபரில் நின்ற பாக்கி 2027 அக்டோபரோடு காலாவதியாகும். அதற்குள் உறுப்பினர் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையொப்பமிட்டால், பிரிவு 18-இன்படி அந்தத் தேதியிலிருந்து மூன்று ஆண்டு புதிதாகத் தொடங்கும். தொலைபேசியில் "கட்டிடறேன் சார்" என்று நூறு முறை சொன்னாலும் அது கணக்கில் வராது.

[திரையில்: தண்ணீர்க் குழாயின் கேட்வால்வு. மேலே சிவப்புக் குறுக்குக் கோடு.]

இதைச் செய்யாதீர்கள். பாக்கிக்காகத் தண்ணீரை அடைத்தால் திருப்பூரில் இருக்கும் உரிமையாளருக்கு ஒன்றும் ஆகாது. குடம் தூக்குவது வாடகைக்கு இருக்கும் குடும்பம். நாளைக்குக் காவல் நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியவர் பொருளாளர். பெயரையும் தொகையையும் வாட்ஸாப் குழுவில் போடுவதும், லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுவதும் அதே ரகம். நோட்டீஸை வாடகைக்காரர் கையில் கொடுத்து "ஓனர்கிட்ட குடுத்துடுங்க" என்பதும் வேண்டாம்.

உறுப்பினர் பதிவேட்டில் உள்ள முகவரிக்கே தபாலில் அனுப்புங்கள். 2025-இல் பதிவுத் தபால், விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டது. அதனால் தபால் நிலையத்தில் விரைவுத் தபால் என்று கேட்டு, ரசீதையும் பட்டுவாடா ஆன விவரத்தையும் அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். உறை திரும்பி வந்தால் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். ஒரு நகலை அவருடைய சொந்த எண்ணுக்கும் அனுப்பலாம், மரியாதையாக இரண்டே வரியோடு: "சார், கணக்கு விவரம் தபாலில் அனுப்பியிருக்கிறோம். பார்த்துவிட்டு சொல்லுங்கள்."

உங்களுடையது கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கமாக இருந்தால் மேல் நடவடிக்கைக்கான பாதை வேறு. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், பிரிவு 90-இன் கீழ் தாவா பதிவாளரிடம் போகும். கடிதத்தின் கடைசிப் பத்தியை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

[திரையில்: மீண்டும் கைப்பேசி. "மோட்டார் காசு நான் ஒத்துக்கல. மெயின்டனன்ஸ் மட்டும் போடறேன்."]

இப்படிப் பதில் வந்தால் முழுத் தொகையும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துப் பணத்தைத் திருப்பாதீர்கள். 21,388-ஐ வாங்கிக்கொண்டு ரசீது போடுங்கள். ரசீதில் "முழுக் கணக்கும் தீர்ந்தது" என்ற வாசகம் வந்துவிடக் கூடாது. இப்படி எழுதுங்கள்: "2024 அக்டோபர் மீதி முதல் 2025 செப்டம்பர் வரை மெயின்டனன்ஸும், 30.09.2025 வரை வட்டியும் பெறப்பட்டது. மோட்டார் நிதி ரூ. 6,000 நிலுவையில் உள்ளது."